முப்பது நாள் கெடு என்னும் மயக்கம்: ஜொகூரில் திரும்பிய காசோலையும் கோரிக்கை நோட்டீசும்

ஜொகூரின் தமிழ் வணிகர்களிடையே, பணமில்லை என்று வங்கி திருப்பிய காசோலையைப் பற்றி ஒரு கருத்து சட்டவிதிக்கு நிகரான உறுதியோடு வழங்கிவருகிறது. காசோலை திரும்புவதே குற்றம். திரும்பிய முப்பது நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பவேண்டும். பதினைந்து நாள் தவணை தந்தும் பணம் வராவிட்டால் எழுதியவரைச் சிறைக்கு அனுப்பலாம். முப்பது நாளைத் தவறவிட்டவருக்குக் காசோலை வெறுங்காகிதம் என்பதே அக்கருத்து. இதன் ஒவ்வொரு பகுதியும் எங்கோ ஒரு சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் அந்தச் சட்டம் மலேசியாவின் சட்டம் அன்று. இந்த வேறுபாட்டை அறியாமல், தேவையற்ற கெடுவுக்கு அஞ்சி உரிமையைக் கைவிடுபவர்களும் இருக்கிறார்கள். உண்மையான கெடுவைக் கவனியாமல் உரிமையை இழப்பவர்களும் இருக்கிறார்கள். எனவே அக்கருத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்வது பயனுடையது.

முதலில் அதன் பிறப்பிடம். இந்தியாவின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1988இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டு, 138ஆம் பிரிவு முதலானவை புதிதாகச் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கடனைத் தீர்ப்பதற்காகத் தந்த காசோலை கணக்கில் போதிய பணமின்றித் திரும்பினால், எழுதியவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்று அப்பிரிவு கூறுகிறது. அதற்கு முன்நிபந்தனையாகவே நோட்டீஸ் வைக்கப்பட்டது. வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த முப்பது நாளுக்குள் எழுத்தில் பணத்தைக் கேட்கவேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த பதினைந்து நாளுக்குள் எழுதியவர் பணத்தைத் தராதபோதுதான் குற்றம் முழுமையடையும். அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தரவேண்டும். தொடக்கத்தில் பதினைந்து நாளாக இருந்த முதல் கெடு 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் முப்பதாக நீண்டது. தமிழ்நாட்டு நாளிதழ்களும் திரைப்படங்களும் உறவினர்களின் அனுபவங்களும் இந்த விதியை ஜொகூர் வரை கொண்டுவந்து சேர்த்திருக்கக்கூடும். அவற்றோடு சட்டமும் கடல் கடந்து வந்துவிட்டதாகக் கொள்வதில்தான் பிழை இருக்கிறது.

மலேசியாவில் காசோலையை ஆள்வது 1949ஆம் ஆண்டின் மாற்று உண்டியல் சட்டம், அதாவது 204ஆம் எண் சட்டம். அது இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிதும் ஒட்டி அமைந்தது. யார் யாருக்கு எப்போது பணம் தரக் கடமைப்பட்டவர் என்பதை அது விரிவாகச் சொல்கிறது. காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் பிரிவு எதுவும் அதில் இல்லை. ஆகவே 138ஆம் பிரிவுக்கு நிகரான முப்பது நாள், பதினைந்து நாள், ஒரு மாதம் என்னும் ஏணியும் இங்கே இல்லை.

அப்படியானால் பொய்க் காசோலை தந்தவருக்குத் தண்டனையே இல்லையா என்பது இயல்பாக எழும் வினா. தண்டனைக்கு இடமுண்டு, ஆனால் அது காசோலை திரும்பியதற்கான தண்டனை அன்று, ஏமாற்றியதற்கான தண்டனை. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 415ஆம் பிரிவு ஏமாற்றுதல் எது என்று வரையறுக்கிறது. ஏமாற்றி ஒருவரிடமிருந்து பொருளைப் பெறுவதற்கு 420ஆம் பிரிவு ஓராண்டுக்குக் குறையாத, பத்தாண்டுக்கு மிகாத சிறையையும் பிரம்படியையும் விதிப்பதோடு, அபராதத்துக்கும் இடமளிக்கிறது. அந்த 415ஆம் பிரிவுக்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று இங்கே நேராகப் பொருந்துகிறது. தனக்குப் பணமே இல்லாத ஓரிடத்தின் மீது, அது மறுக்கப்படும் என்று எதிர்பார்த்துக்கொண்டே, ஓர் உண்டியலை விலையாக நீட்டி, பணம் தரும் எண்ணமின்றிப் பொருளைப் பெற்றுக்கொள்பவர் ஏமாற்றுகிறார் என்று அது கூறுகிறது. அதே பிரிவின் வேறோர் எடுத்துக்காட்டு எதிர்ப்பக்கத்தையும் காட்டுகிறது: வாக்களித்த வேளையில் நிறைவேற்றும் எண்ணம் உண்மையாகவே இருந்து, பின்னர் ஒப்பந்தத்தை மீறியவர் ஏமாற்றியவர் ஆகார், அவர்மீது உரிமையியல் வழக்கு மட்டுமே தொடுக்கலாம்.

இவ்விரண்டுக்கும் இடையிலான கோடு பொருள் கைமாறிய கணத்தில் எழுதியவருக்கு இருந்த எண்ணத்தின்மீது ஓடுகிறது. அன்றே மூடப்பட்ட கணக்கின் காசோலையைத் தந்து சரக்கை ஏற்றிச் சென்றவர் ஒரு பக்கம். மூன்று மாதக் கடனுக்குச் சரக்கு வாங்கி, பின்தேதியிட்ட காசோலையைத் தந்து, இடையில் வியாபாரம் சரிந்ததால் பணம் போட இயலாதவர் மறுபக்கம். ஜொகூரில் புழங்கும் வணிகக் காசோலைகளில் பின்தேதியிட்டவை பெரும்பாலும் இரண்டாம் வகையையே சேரும், ஏனெனில் இன்று பணம் இல்லை என்பதைப் பெறுபவரும் அறிந்தே அதை வாங்குகிறார். இரண்டாம் வகைக்குப் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதி வைப்பதால் பணம் வருவதில்லை. அது உரிமையியல் விவகாரம் என்று விசாரணை அங்கேயே நின்றுபோக வாய்ப்பு மிகுதி. முதல் வகைக்குரிய புகாருக்கோ நோட்டீஸ் முன்நிபந்தனையே அன்று. எப்படிப் பார்த்தாலும், நோட்டீஸ் அனுப்பினால்தான் குற்றம் நிறைவடையும் என்னும் கருத்து இங்கே பொருந்தாது.

பேங்க் நெகாராவின் காசோலைத் தகவல் ஏற்பாட்டைப் பலர் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். பணமின்றித் திரும்பும் காசோலைகளின் விவரத்தை வங்கிகள் அங்கே சேர்க்கின்றன. பன்னிரண்டு மாதத்தில் அத்தகைய மூன்று காசோலைகள் திரும்பினால் கணக்கையே மூடும் விதியும் அந்த ஏற்பாட்டில் உண்டு. அது வங்கிக்கும் கணக்குக்காரருக்கும் இடையிலான ஒழுங்கு நடவடிக்கை. அதைத் தொடங்குவதோ நிறுத்துவதோ பணம் வரவேண்டியவரின் கையில் இல்லை. எனவே அதை நோட்டீசில் மிரட்டலாகச் சேர்ப்பதால் பயனில்லை.

இனி, நோட்டீஸ் அனுப்பாமல் வழக்கே தொடுக்க முடியாது என்னும் பகுதி. இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அந்தத் துளியே பெரிய குழப்பத்துக்கும் காரணமாகிறது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, உண்டியல் மறுக்கப்பட்டால் எழுதியவருக்கும், அதன் பின்புறம் கையொப்பமிட்டு மற்றவருக்கு மாற்றிக்கொடுத்தவர்களுக்கும் மறுப்பு அறிவிப்பு தரவேண்டும் என்றும், தரப்படாதவர் பொறுப்பிலிருந்து விடுபடுவார் என்றும் கூறுகிறது. மறுப்பு அறிவிப்பு என்பது, இந்த உண்டியல் இன்ன காரணத்தால் செலுத்தப்படாமல் திரும்பியது என்று தெரிவிப்பது மட்டுமே. பணம் கேட்கும் கோரிக்கை அன்று. அதை வாய்மொழியாகவும் தரலாம், திரும்பிய உண்டியலையே திருப்பி அனுப்பியும் தெரிவிக்கலாம். அதற்குரிய காலம் முப்பது நாளைவிட மிகக் குறுகியது. இருவரும் ஒரே ஊரினராயின் மறுநாளே போய்ச்சேரும்படியும், வெவ்வேறு ஊரினராயின் மறுநாள் அஞ்சலிலாவது அனுப்பும்படியும் 49ஆம் பிரிவு விதிக்கிறது; சிறப்பான காரணம் இருந்தாலன்றி அதைத் தாண்டக்கூடாது.

இவ்வளவு கடுமையான விதி ஜொகூர் வணிகரை ஏன் பெரும்பாலும் பாதிப்பதில்லை என்பதற்கு விடை 50ஆம் பிரிவில் இருக்கிறது. வங்கி, தனக்கும் எழுதியவருக்கும் இடையே, அந்தக் காசோலைக்குப் பணம் தரக் கடமைப்படாத நிலையில் இருந்தால், எழுதியவருக்கு மறுப்பு அறிவிப்பு தேவையில்லை என்று அது கூறுகிறது. கணக்கில் பணமில்லாதபோது, மிகைப்பற்று ஏற்பாடும் இல்லாவிட்டால், வங்கிக்கு அந்தக் கடமை இல்லை. எழுதியவரே பணம் தரவேண்டாம் என்று வங்கிக்குச் சொல்லி நிறுத்தியபோதும் அறிவிப்பு தேவையில்லை. காரணம் எளிது: காசோலை ஏன் திரும்பியது என்பதை அவரே முன்னதாக அறிவார். ஆக, பணம் போதாமல் திரும்பிய காசோலையை எழுதியவர்மீது வழக்குத் தொடுக்க, மறுப்பு அறிவிப்பும் கட்டாயமன்று, வழக்கறிஞரின் கோரிக்கை நோட்டீசும் கட்டாயமன்று. காசோலையின் பின்புறம் கையொப்பமிட்டு மாற்றித்தந்த மூன்றாமவரையும் பொறுப்பாக்க விரும்பினால் மட்டும் மறுநாள் விதி உயிர்பெறும். பெறுநர் கணக்கில் மட்டும் செலுத்துமாறு கோடிட்ட காசோலைகள் பெருகிவிட்ட இக்காலத்தில் அது அரிது. ஆனாலும் ரொக்கக் காசோலையைக் கைமாற்றாகப் பெறுபவர் இதை மறக்கக்கூடாது.

கட்டாயமில்லாத நோட்டீசை ஏன் எழுதவேண்டும்? வழக்குக்கு முன் கேட்டதற்கான சான்றாகவும், தகராறு உண்டா இல்லையா என்பதைப் பணம் தரவேண்டியவரின் பதிலிலிருந்தே அறியவும், வழக்குச் செலவு பற்றி நீதிமன்றம் முடிவுசெய்யும்போது துணைநிற்கவும் அது உதவுகிறது. வழக்கறிஞர்கள் ஏழு நாளோ பதினான்கு நாளோ தவணை எழுதுவது வழக்கத்தால் வந்தது. சட்டம் சொன்ன எண் அன்று. ஏழு நாள் முடிவதற்குள் வழக்குத் தொடுத்தாலும், இந்தியாவில் புகார் வீழ்வதற்கு மாறாக, இங்கே வழக்கு அந்தக் காரணத்தால் வீழ்வதில்லை.

நாள் கடந்தால் உரிமை போய்விடும் என்னும் பகுதிக்கு வரும்போது, மூன்று வெவ்வேறு காலங்களைப் பிரித்தறிவது அவசியம். ஒன்று காசோலையின் ஆயுள். மலேசிய வங்கிகள் தேதியிட்ட நாளிலிருந்து ஆறு மாதம் கடந்த காசோலையை ஏற்பதில்லை. அப்படிப் பழையதான காசோலையை வங்கி திருப்பினால், அது வங்கியின் நடைமுறையே தவிர கடன் மறைந்ததற்கு அடையாளம் அன்று. தாமதத்தால் எழுதியவருக்கு உண்மையான இழப்பு நேர்ந்தால், அதாவது இடையில் வங்கியே வீழ்ந்து அவர் போட்டுவைத்த பணம் போயிருந்தால், அந்த இழப்பின் அளவுக்கே அவர் விடுபடுவார் என்பது சட்டம். இரண்டாவது, வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு. தீபகற்ப மலேசியாவில் 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு ஒப்பந்தக் கடன்களுக்கு ஆறு ஆண்டு தருகிறது. சபாவிலும் சரவாக்கிலும் தனிச் சட்டங்கள் உள்ளன. முப்பது நாள் எங்கே, ஆறு ஆண்டு எங்கே! ஆனால் இந்த ஆறு ஆண்டும் இரண்டு இடங்களிலிருந்து ஓடத் தொடங்கலாம். காசோலை மறுக்கப்பட்டதால் எழும் உரிமைக்கு ஒரு தொடக்கம். சரக்குக்கான பட்டியலின் தவணை முடிந்த நாளில் எழும் உரிமைக்கு வேறொரு தொடக்கம். பின்னது முந்தி முடியும். கவனமுள்ளவர் முந்தி முடிவதையே நாட்காட்டியில் குறிப்பார்.

இங்கேதான் மிக ஆபத்தான தவறு நிகழ்கிறது. நோட்டீஸ் அனுப்பியதும் காலம் நின்றுவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். கோரிக்கை நோட்டீஸ் காலவரம்பை ஒரு நாள்கூட நிறுத்துவதில்லை. நீதிமன்றத்தில் வழக்குப் பதிவதே அதை நிறுத்தும். கடன்பட்டவர் கையொப்பமிட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ கடனில் ஒரு பகுதியைச் செலுத்தினாலோ ஆறு ஆண்டு புதிதாகத் தொடங்கும். எனவே பணம் தரவேண்டியவர் தொலைபேசியில் கெஞ்சித் தவணை கேட்கும்போது, தொகையைக் குறிப்பிட்டு அவர் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தைப் பெற்றுக்கொள்வது, ஐந்து நோட்டீஸ் அனுப்புவதைவிடப் பயன் தரும்.

மூன்றாவது காலம் இவ்விரண்டிலும் சேராதது. உண்மையான கெடு இருப்பது அதில்தான். காசோலை ஒரு தனியார் நிறுவனத்தின் பெயரில், அதாவது சென்டிரியான் பெர்ஹாட் கணக்கிலிருந்து எழுதப்பட்டதாயின், 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 465, 466ஆம் பிரிவுகள் பணம் வரவேண்டியவருக்கு ஒரு வழியைத் திறக்கின்றன. குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட கடனுக்காக நிறுவனத்தின் பதிவு அலுவலகத்தில் கோரிக்கை நோட்டீஸ் விட்டுச்சென்று, அதன்பின் இருபத்தொரு நாள் வரை அந்நிறுவனம் பணத்தைத் தராமலும், அதற்கு ஈடு தராமலும், திருப்தியான உடன்பாட்டுக்கு வராமலும் இருந்தால், அது கடனைத் தீர்க்க இயலாதது என்று சட்டம் கருதிக்கொள்ளும். அந்த அடிப்படையில் நிறுவனத்தைக் கலைக்குமாறு உயர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். முன்பு பத்தாயிரம் ரிங்கிட்டாக இருந்த வரம்பு, கோவிட் காலத்தில் தற்காலிகமாக ஐம்பதாயிரமாக உயர்ந்து, 2021 ஏப்ரல் 1 முதல் அதே ஐம்பதாயிரமாக நிலைபெற்றது. கோவிட் காலத்தில் ஆறு மாதமாக நீட்டப்பட்டிருந்த அவகாசம் மீண்டும் இருபத்தொரு நாளானது. இன்னும் பலர் கவனிக்காத ஒன்று: நோட்டீசின் தவணை முடிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்யப்படவேண்டும், தவறினால் அந்த நோட்டீஸ் பயனற்றுப்போகும், புதிதாகத் தொடங்கவேண்டும்.

இந்தப் பாதையை ஓர் எடுத்துக்காட்டில் நடந்து பார்க்கலாம். ஸ்கூடாயில் மளிகை மொத்த வியாபாரி ஒருவர், குளுவாங்கில் உணவகம் நடத்தும் ஒரு நிறுவனத்துக்குச் சரக்குத் தந்ததாகவும், பட்டியலின் தவணை 2025 ஜனவரி 31இல் முடிந்ததாகவும், அதற்காக 62,400 ரிங்கிட்டுக்கு மார்ச் 3 தேதியிட்ட காசோலை தரப்பட்டதாகவும் கொள்வோம். மார்ச் 5ஆம் நாள் புதன்கிழமை அவர் அதைப் போட, மறுநாள் பணம் போதவில்லை என்று திரும்புகிறது. அசல் காசோலைக்குப் பதிலாக, காசோலையின் முன்பின் படங்களும் திரும்பிய காரணமும் அச்சிட்ட, ஐஆர்டி என்று வங்கியில் அழைக்கப்படும் ஆவணம் அவர் கைக்கு வருகிறது. அதைச் சாதாரணத் தாளாக எண்ணி எறிந்துவிடாமல் வைத்துக்கொள்வது முக்கியம், ஏனெனில் மறுப்புக்கு அதுவே சான்று.

அடுத்த வேலை நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் கட்டணம் செலுத்தி அந்நிறுவனத்தின் விவரத்தை எடுப்பது. உணவகம் குளுவாங்கில் இருந்தாலும் பதிவு அலுவலகம் ஜொகூர் பாருவில் நிறுவனச் செயலாளரின் அலுவலகத்தில் இருக்கக்கூடும். அப்படி அமைவதே வழக்கம். உணவகத்தின் கல்லாவில் நோட்டீசைக் கொடுத்துவிட்டு வந்தவர் 466ஆம் பிரிவின்படி எதையும் சார்பு செய்தவர் ஆகார். வியாபாரியின் ஆள் மார்ச் 19ஆம் நாள் புதன்கிழமை செயலாளர் அலுவலகத்தில் நோட்டீசை விட்டு, அலுவலக முத்திரையோடு பெற்ற நகலை எடுத்துக்கொள்கிறார். அந்த நாள் கணக்கில் சேராது. மறுநாள் ஒன்று என எண்ணினால் ஏப்ரல் 9ஆம் நாள் இருபத்தொன்று. நடுவே ஜொகூர் சுல்தானின் பிறந்தநாள் விடுமுறையும் நோன்புப் பெருநாள் விடுமுறையும் வார இறுதிகளும் வருகின்றன. அவற்றைக் கழிப்பதில்லை, ஆறு நாளுக்கு மிகாத கெடுக்களில் மட்டுமே விடுமுறைகள் கழியும் என்று விளக்கச் சட்டத்தின் 54ஆம் பிரிவு கூறுகிறது. கடைசி நாளே விடுமுறையாயின் மட்டும் அடுத்த வேலை நாளுக்கு நகரும். அதைக் கணிக்கும்போது, 2014 முதல் வெள்ளி, சனியாக இருந்த ஜொகூரின் வார விடுமுறை 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டதை நினைவில் வைக்கவேண்டும். பழைய நாட்காட்டிப் பழக்கத்தில் எண்ணுபவர் ஒரு நாள் தவறுவார். எண்ணிக்கை ஐயத்துக்கிடமானால், மனுவை ஒன்றிரண்டு நாள் பிந்தித் தாக்கல் செய்வது நட்டமில்லாத எச்சரிக்கை.

ஆக மனு ஏப்ரல் 10 முதல் செய்யலாம். அக்டோபர் 9க்குள் செய்துவிடவேண்டும். அந்த வியாபாரி கலைப்பு வழியை விரும்பாவிட்டால், தொகை ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கு மிகாததால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, எதிர்த்தரப்புக்கு உண்மையான எதிர்வாதம் இல்லையெனக் காட்டி, முழு விசாரணையின்றித் தீர்ப்புக் கேட்கலாம். காசோலை வெறும் கடன் சான்றன்று, தனியொரு வாக்குறுதியாகவே சட்டம் அதைக் காண்பதால், சரக்கு தரமில்லை என்பது போன்ற பொதுவான முணுமுணுப்பு அங்கே எளிதில் எடுபடாது. இந்த வழிக்கான நாள் 2031 ஜனவரி இறுதி. பாதுகாப்பாகப் பட்டியலின் தவணை நாளிலிருந்து எண்ணியது.

கலைப்பு மனுவுக்கு ஒரு வரம்பும் உண்டு. கடன் பற்றி நேர்மையான, வலுவான தகராறு இருந்தால் அதை வசூல் கருவியாகப் பயன்படுத்த நீதிமன்றம் இடம்தராது. மனு தாக்கலாவதற்கு முன்பே நிறுவனம் தடையாணை பெறக்கூடும். பணம் போதாமையால் திரும்பிய காசோலையும், சரக்குப் பழுது என்று எழுத்தில் முறையிட்டு நிறுத்திய காசோலையும் இந்த இடத்தில் வெவ்வேறு விதி பெறும். நோட்டீசுக்கு வரும் பதிலை ஊன்றிப் படிக்கவேண்டியது இதனால்தான்.

அப்படியானால் அந்த நோட்டீசில் என்ன இருக்கவேண்டும்? பொதுக் கருத்து இதைக் கடுஞ்சொற்களின் தொகுப்பாக எண்ணுகிறது. உண்மையில் அது அடையாளங்களின் தொகுப்பு. காசோலையின் எண், தேதி, வங்கி, கிளை, தொகை. எந்தப் பட்டியலுக்காகத் தரப்பட்டது என்பது. எந்த நாளில் போடப்பட்டு எந்த நாளில் என்ன காரணத்தால் திரும்பியது என்பது. இடையில் பகுதித் தொகை வந்திருந்தால் அதைக் கழித்த மீதி. யாருக்கு, எங்கே, எப்படிச் செலுத்துவது என்பது. கலைப்பு வழியை மனத்தில் கொண்டதாயின், 466ஆம் பிரிவின்படி கேட்பதாகவும், சார்பு செய்த நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் செலுத்தவோ ஈடு தரவோ உடன்பாட்டுக்கு வரவோ வேண்டும் என்றும், இல்லையேல் கலைப்பு மனு செய்யப்படும் என்றும் வெளிப்படையாக எழுதவேண்டும். ஏழு நாள் தவணை எழுதிய சாதாரணக் கடிதத்தைப் பின்னர் இருபத்தொரு நாள் நோட்டீசாக உருமாற்ற முடியாது.

வட்டி தனி வரியில் இருப்பது நல்லது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, காசோலை பணத்துக்காக நீட்டப்பட்ட நாளிலிருந்து வட்டி கேட்க இடம்தருகிறது. பட்டியலின் அடியில் அச்சிட்ட மாதம் ஒன்றரை விழுக்காடு என்பது வாங்கியவர் ஒப்புக்கொண்டால்தான் செல்லும். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக எழுதினால் எதிர்த்தரப்பு அந்த எண்ணையே தகராறாக்கும். கடன் தந்தவர் உரிமமில்லாமல் வட்டிக்குக் கொடுத்தவராயின் நிலைமை வேறு: 1951ஆம் ஆண்டுப் பணக்கடன் கொடுப்போர் சட்டம் அத்தகைய கடனை நீதிமன்றம் வழியே வசூலிக்க விடாது, அதற்காக வாங்கிவைத்த காசோலையும் அவரைக் காப்பாற்றாது. வட்டி வரி எழுதிய நோட்டீசே அவருக்கு எதிரான சான்றாகிவிடும்.

நோட்டீசை யாருக்கு எழுதுவது என்பதிலும் இந்தியச் சாயல் வழிதவறச் செய்கிறது. இந்தியச் சட்டத்தின் 141ஆம் பிரிவு நிறுவனத்தை நடத்திய இயக்குநர்களையும் குற்றத்துக்குள் கொண்டுவருவதால், நோட்டீஸ் இயக்குநர்களின் வீடு தேடிப் போகிறது. மலேசியாவில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட காசோலையில் அதன் சார்பாகக் கையொப்பமிட்ட இயக்குநர், தனிப்பட்ட உத்தரவாதக் கடிதம் தந்தாலன்றி, அந்தக் காசோலைக்குத் தாமே கடனாளி ஆவதில்லை. அவர் பெயருக்கு மட்டும் எழுதிய நோட்டீஸ் நிறுவனத்துக்கு எழுதியதாகாது. மாறாக, காசோலை தனிமனிதருடையதாயின் நிறுவனச் சட்ட வழி கிடையாது. திவால் நடவடிக்கைக்குக் கோரிக்கைக் கடிதம் போதாது, முதலில் தீர்ப்பு வேண்டும், தொகையும் குறைந்தது ஒரு லட்சம் ரிங்கிட்டாக இருக்கவேண்டும்.

இங்கே மறுக்கப்படும் கருத்து முழு உண்மையாகும் ஓரிடம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். ஜொகூரில் வாழ்பவர் தமிழ்நாட்டில் வீட்டையோ நிலத்தையோ விற்று, விலையின் ஒரு பகுதிக்கு இந்திய வங்கியின் காசோலையைப் பெற்று, அதைத் தம் சென்னை அல்லது மதுரைக் கணக்கில் போட்டுத் திரும்பினால், 138ஆம் பிரிவு முழுவதுமாகப் பொருந்தும். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெறுநரின் கணக்கு உள்ள கிளையின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் புகார் தரலாம். அங்கே காசோலையின் ஆயுள் ஆறு மாதமன்று, 2012 ஏப்ரல் முதல் மூன்று மாதம். முப்பது நாள் வங்கியின் தகவல் கிடைத்ததிலிருந்து ஓடும். ஜொகூரில் இருப்பவருக்கு அந்தத் தகவல் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக வந்தால், வங்கியின் தாள் வரும்வரை காத்திருக்காமல் அந்த நாளையே தொடக்கமாகக் கொள்வது பாதுகாப்பு. நோட்டீசில் கேட்கும் தொகை காசோலைத் தொகையாகவே இருக்கவேண்டும். செலவோ வட்டியோ கேட்டால் பிரித்துக் காட்டவேண்டும். ஒரு கோடி ரூபாய்க் காசோலைக்கு இரண்டு கோடி கேட்ட நோட்டீஸ் செல்லாது என்றும், அது தட்டச்சுப் பிழை என்ற விளக்கம் ஏற்புடையதன்று என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. பதினைந்து நாள் முடிவதற்கு முன் தந்த புகாரும் நிலைக்காது என்று அதே நீதிமன்றம் 2014இல் கூறியிருக்கிறது. ஒரே வியாபாரியின் மேசையில் குளுவாங் காசோலையும் மதுரைக் காசோலையும் அருகருகே கிடக்கலாம்; முன்னதற்கு எஸ்எஸ்எம் தேடலும் இருபத்தொரு நாளும், பின்னதற்கு மதுரை வழக்கறிஞரும் முப்பது நாளும் வேண்டும்.